சிறுநீரில் இறங்கும் சர்க்கரையும் இருதயத்தின் நலமும்

சிறுநீரிலே இனிப்பு இறங்குவது நோயின் அடையாளம் என்று பன்னெடுங்காலமாக மனிதர் கருதி வந்தனர். நம் முன்னோர் நீரிழிவுக்கு இட்ட மதுமேகம் என்ற பெயரே இதற்குச் சான்றாகும். இன்றோ, சிறுநீரிலே சர்க்கரையை வேண்டுமென்றே இறக்குகின்ற ஒருவகை மாத்திரை நீரிழிவுக்கு மருந்தாக வழங்கப்படுகின்றது. அதனினும் வியப்புக்குரியது யாதெனில், நீரிழிவே இல்லாதவர்க்கும் இருதயத் தளர்ச்சிக்காக அதே மாத்திரை கொடுக்கப்படுகின்றமையாம். டபகிளிபுளோசின், எம்பகிளிபுளோசின் முதலிய பெயர்களைக் கொண்ட இம்மருந்துகளை இன்று நம்மவருட் பலர் உண்டு வருகின்றனர். ஆயினும் இவை செய்யும் நன்மையைக் குருதியிலுள்ள சர்க்கரையின் அளவைக் கொண்டு மதிப்பிட முடியாது. இவற்றால் வரக்கூடிய பெருந்தீங்கையும் அவ்வளவைக் கொண்டு கண்டுகொள்ள முடியாது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீரகத்தின் சிக்கனம்

சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு என்று பள்ளியிற் படித்தோம். ஆனால் அது அகற்றும் வேலையைக் காட்டிலும் மீட்கும் வேலையையே மிகுதியாகச் செய்கின்றது. நலமுள்ள ஒருவருடைய சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 இலீற்றர் நீரை வடிக்கின்றன. அவ்வாறு வடியும் நீரின் ஒவ்வோர் இலீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிராம் குளுக்கோசு இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 180 கிராம் சர்க்கரை குருதியை விட்டு வெளியேறிச் சிறுநீரகக் குழல்களிற் புகுகின்றது. அத்தனையையும் இழந்துவிட்டால் உடல் என்னாவது? ஆதலின் அக்குழல்களின் சுவரிலுள்ள கலங்கள் ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் குருதிக்கே சேர்த்துவிடுகின்றன.

இம்மீட்பு வேலையைச் செய்பவை அக்கலங்களின் மேற்பரப்பிலே பதிந்துள்ள சில புரதங்கள். இவை குளுக்கோசைத் தனியே ஏற்றிச் செல்வதில்லை. சோடியத்தையும் உடன் சேர்த்தே ஏற்றிச் செல்லும். கலத்தினுள்ளே சோடியம் குறைவாகவும் வெளியே மிகுதியாகவும் இருப்பதால், சோடியம் உள்ளே பாயும் விசையைப் பற்றிக்கொண்டு குளுக்கோசும் உள்ளே போகின்றது. ஆற்றோடு போகும் ஓடத்தில் ஏறிக்கொண்ட பயணியைப் போன்றது குளுக்கோசு. குழலின் முற்பகுதியிலுள்ள இரண்டாம் வகைக் காவி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மீட்கின்றது. எஞ்சிய பத்துப் பங்கைச் சற்றுக் கீழேயுள்ள முதலாம் வகைக் காவி மீட்கின்றது. நாம் பேசும் மருந்துகள் இந்த இரண்டாம் வகைக் காவியைத் தடுப்பவை.

அதனைத் தடுத்தால் 160 கிராம் சர்க்கரையும் வெளியேறிவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழ்வதில்லை. முற்பகுதியில் மீளாத சர்க்கரை கீழே வந்து சேர்ந்ததும், அங்குள்ள முதலாம் வகைக் காவி தன் வழக்கத்துக்கு மேலாக உழைத்துப் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. ஆகையால் நீரிழிவுடைய ஒருவர் நாளொன்றுக்கு இழப்பது ஏறத்தாழ 70 கிராமே. ஒரு கிராம் குளுக்கோசு நான்கு கலோரி தருமாதலால் இது 280 கலோரிக்குச் சமம். குருதியிற் சர்க்கரை குறையக் குறைய வடியும் சர்க்கரையும் குறையும். ஆதலால் இம்மாத்திரை தனித்து நின்று சர்க்கரையை ஆபத்தான தாழ்நிலைக்குக் கொண்டுசெல்வது அரிது. இன்சுலினோடு, அல்லது சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிக்கும் மாத்திரைகளோடு சேரும்போதே அந்த அச்சம் எழும்.

ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து

இம்மருந்தின் பூர்வீகம் நெடியது. 1835 ஆம் ஆண்டில் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்னும் கசப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உட்கொண்டால் சிறுநீரிற் சர்க்கரை இறங்குகின்றது என்பதை 1886 இல் செருமானிய மருத்துவராகிய வொன் மெரிங் வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின்னர், மின்கௌசுகி என்பவரோடு சேர்ந்து நாயின் சதையியை அகற்றி நீரிழிவை உண்டாக்கிக் காட்டியவரும் அவரே. சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே ஏறிச் செல்கின்றன என்ற கருத்தை 1960 இல் பிராக் நகரில் நிகழ்ந்த ஒரு கருத்தரங்கில் இறொபேட்டு கிரேன் முன்வைத்தார்.

புளோரிசின் மருந்தாக ஆகவில்லை. அது குடலிலேயே சிதைந்துவிடும். அத்தோடு இருவகைக் காவிகளையும் தடுப்பதால், முதலாம் வகையையே நம்பியுள்ள குடலிற் கழிச்சலை உண்டாக்கும். இரண்டாம் வகையை மாத்திரம் தெரிந்து தடுக்கும் பொருள்களை ஆக்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. பிறவியிலேயே இக்காவி பழுதுற்ற சிலர் உளர். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சிறுநீரிற் சர்க்கரை இழந்தும் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர் என்பது ஆராய்ச்சியாளர்க்குத் துணிவூட்டியது. 2012 இல் ஐரோப்பாவில் டபகிளிபுளோசினும், 2013 இல் அமெரிக்காவில் கனகிளிபுளோசினும் நீரிழிவு மருந்துகளாக அனுமதி பெற்றன.

எதிர்பாராத நன்மை

நீரிழிவுக்கென வரும் புதிய மருந்து எதுவும் இருதயத்துக்குத் தீங்கு செய்யாது என்று நிரூபிக்கப்பட வேண்டும் என அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டகம் 2008 இல் விதித்திருந்தது. அவ்விதியின் பொருட்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றில், நீரிழிவோடு இருதய அல்லது குருதிக்குழாய் நோயும் உடைய 7,020 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் எம்பகிளிபுளோசினையும் மற்றொரு பகுதியினர் வெற்று மாத்திரையையும் உண்டனர். 2015 இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. வெற்று மாத்திரை உண்டவரில் நூற்றுக்கு 5.9 பேர் இருதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்திருக்க, மருந்து உண்டவரில் 3.7 பேரே இறந்திருந்தனர். இருதயத் தளர்ச்சிக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் இரு பகுதியினர்க்கும் இடையே சர்க்கரை அளவில் இருந்த வேற்றுமையோ மிகச் சிறிது. அச்சிறு வேற்றுமை இப்பெரும் பயனைத் தந்திருக்க முடியாது.

இருதயத் தளர்ச்சி என்பது இருதயம் திடீரென நின்றுவிடுவதன்று. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்த இயலாது இருதயம் சோர்ந்து, அதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்கி, மூச்சுவாங்கலும் வீக்கமும் தோன்றும் நிலையே அது. அத்தகைய நோயாளர் 4,744 பேரைக் கொண்டு டபகிளிபுளோசினை ஆராய்ந்த ஆய்வு 2019 இல் வெளியாயிற்று. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், நோய் மோசமடைதல் அல்லது இருதய நோயால் இறத்தல் என்ற தீங்கு வெற்று மாத்திரையினரில் நூற்றுக்கு 21.2 பேர்க்கும், மருந்து உண்டவரில் 16.3 பேர்க்கும் நேர்ந்தது. வேறு விதமாகக் கூறின், ஏறத்தாழ இருபத்தொரு பேர் அக்காலம் முழுவதும் உண்டால் ஒருவர் அத்தீங்கினின்று தப்புகின்றார். நீரிழிவு உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் பயன் ஒத்திருந்தது. அது முதல் மாதத்துக்குள்ளேயே தெளிவாகத் தென்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. குருதிக்குழாய்களிற் கொழுப்புப் படிவது குறைந்து நன்மை விளைய வேண்டுமாயின் ஆண்டுகள் செல்லும். ஆகவே இது வேறொரு வழியால் வந்த நன்மை.

காரணம் யாது?

காரணத்தைப் பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உப்பும் நீரும் பற்றியது. காவி தடுக்கப்படும்போது குளுக்கோசோடு சோடியமும் மீளாமற் போகின்றது. அவை நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. தேங்கிய நீர் குறைய இருதயத்தின் சுமை குறையும். ஆயின் புறூசமைட்டுப் போன்ற பழைய நீரிறக்கும் மருந்துகள் இதனினும் வன்மையாக நீரை இறக்குகின்றனவே. அவை இறப்பை இவ்வாறு குறைத்ததாக நிரூபிக்கப்படவில்லையே என்ற வினா எழும். புதிய மருந்து குருதிக்குழாய்க்குள் இருக்கும் நீரை மிகுதியாகக் குறைக்காமல், இழையங்களினிடையே தேங்கிய நீரையே பெரிதும் குறைக்கின்றது என்று சிலர் விடை கூறுவர். எனினும் சோடியத்தை வெளியேற்றும் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடுவதால் இவ்விளக்கம் மாத்திரம் போதாது.

இரண்டாவது, சிறுநீரகம் பற்றியது. குழலின் கீழ்ப்பகுதிக்கு வழக்கத்திலும் மிகுந்த உப்பு வந்து சேர்வதை அங்குள்ள உணர்கலங்கள் அறிகின்றன. அறிந்தவுடன், வடிகட்டிக்குக் குருதியைக் கொண்டுவரும் நுண்ணாடி சற்றே சுருங்குகின்றது. வடிகட்டியினுள் அமுக்கம் தணிகின்றது. ஆகவே முதற்சில வாரங்களில் வடிப்பு வேகம் சிறிது இறங்கும். பின்னரோ, சிறுநீரகம் பழுதாகும் வேகம் மருந்தில்லாதவர்க்கு இருப்பதிலும் குறைவாக அமையும். இருதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று காக்கப்படின் மற்றதன் சுமையும் குறையும்.

மூன்றாவது, பட்டினி பற்றியது. நாள்தோறும் 70 கிராம் சர்க்கரையை இழக்கும் உடல், தான் ஓரளவு உண்ணாதிருப்பதாகவே கருதிக்கொள்கின்றது. இன்சுலின் தாழ்கின்றது, கொழுப்புக் கரைகின்றது, ஈரல் கீற்றோன்கள் என்னும் பொருள்களைச் சிறிதளவு ஆக்குகின்றது. சோர்வுற்ற இருதயத்துக்குக் கீற்றோன் நல்ல எரிபொருளாகும் என்பது ஒரு கருத்து. சிறுநீரகத்திலிருந்து எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோன் மிகுந்து சுரக்க, செங்குருதிக்கலங்களின் விகிதமும் சிறிது உயர்கின்றது. இருதயத்துக்கு ஒட்சிசன் கிடைப்பது அதனால் மேம்படலாம் என்பர். இருதயத் தசையில் இரண்டாம் வகைக் காவி இல்லை. மருந்து வேறொரு புரதத்தின் வழியாகத் தசையிலேயே நேராகத் தொழிற்படுகின்றது என்று சில ஆய்வுகூடங்கள் கூற, வேறு சில அதனைத் தம் சோதனைகளிற் காணவில்லை என்கின்றன.

இம்மூன்றாம் விளக்கத்தை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். நன்மைக்கு ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படும் அந்தச் சிறு பட்டினி நிலையே, கட்டுக்கடங்காது போனால் உயிருக்கு இறுதியாகவும் முடியும்.

ஓர் உதாரணம்

இதனை விளக்கக் கற்பனையாக ஒரு நோயாளரை எடுத்துக்கொள்வோம். அவர் 61 வயதுடைய இளைப்பாறிய ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. இரண்டாண்டுகளுக்கு முன் மாரடைப்பு. இருதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் குருதியில் நூற்றுக்கு 30 பங்கையே வெளித்தள்ளுகின்றது. நலமுள்ளோர்க்கு இது 55 அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கும். நாளொன்றுக்கு 30 அலகு இன்சுலினும், 40 மில்லிகிராம் புறூசமைட்டும், இருதயத்துக்குரிய பிற மருந்துகளும் பெற்று வருகின்றார். குருதியமுக்கம் 118 இற்கு 74. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை 7.4. கிரியற்றினின் 1.6 மில்லிகிராம்; அதிலிருந்து கணித்தால் அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 48 மில்லிலீற்றர் வடிக்கின்றது.

48 ஐ ஒரு நாளின் 1,440 நிமிடங்களாற் பெருக்கினால் ஏறத்தாழ 69 இலீற்றர் வரும். அவருடைய குருதிச் சர்க்கரை 160 மில்லிகிராம் எனக் கொண்டால், வடியும் சர்க்கரை 110 கிராம் ஆகும். நிறைவான சிறுநீரகமாயின் அதே சர்க்கரை அளவில் 288 கிராம் வடிந்திருக்கும். ஆகவே இவரில் மருந்து வெளியேற்றும் சர்க்கரையும் குறைவாகவே இருக்கும். இன்னும் சிறுநீரகம் தளர்ந்தால் சர்க்கரை மருந்தாக அது பயனற்றதாகிவிடும். இருந்தும், வடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 25 மில்லிலீற்றர் வரை இறங்கிய நோயாளரிலும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்குமான பயன் காணப்பட்டுள்ளது. "சர்க்கரை குறையவில்லையே, இம்மாத்திரை எதற்கு?" என்று கேட்டு நிறுத்திவிடுவோர் அறிய வேண்டியது இதுவே.

வைத்தியர் எம்பகிளிபுளோசின் 10 மில்லிகிராம் காலையில் ஒருமுறை எனத் தொடங்குகின்றார். இன்சுலினை 30 இலிருந்து 26 அலகாகச் சற்றே குறைக்கின்றார், நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தின் பின்னர் நிறை 68 கிலோவிலிருந்து 66 ஆகியுள்ளது, கால்வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் எழும்பி நிற்கும்போது தலைசுற்றுகின்றது. அமுக்கம் 104 இற்கு 66. கிரியற்றினின் 1.75 ஆக உயர்ந்து, வடிப்பு 44 ஆக இறங்கியுள்ளது. இவற்றைக் கண்டு மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என அஞ்சலாகாது. வடிப்பு பத்திலொரு பங்கினும் குறைவாகவே இறங்கியிருக்கின்றது. முன்னர்க் கூறிய நுண்ணாடிச் சுருக்கத்தால் இவ்வளவு எதிர்பார்க்கத்தக்கதே. மூன்றிலொரு பங்களவில் இறங்கினாற்றான் வேறு காரணம் தேட வேண்டும். தலைசுற்றலுக்குப் பரிகாரம் புதிய மாத்திரையை நிறுத்துவதன்று; நீர் மிகுதியாக இறங்கிவிட்டமையால் புறூசமைட்டை 20 மில்லிகிராமாகக் குறைப்பதே. குறைத்ததும் அவர் தேறிவிடுகின்றார்.

எட்டு மாதங்கள் செல்கின்றன. பல்லின் அடியிற் சீழ்க்கட்டி தோன்றிக் காய்ச்சலும் வருகின்றது. மூன்று நாளாகக் கஞ்சிநீரும் இறங்கவில்லை. காலையிற் சோதித்தபோது சர்க்கரை 130 இருக்கக் கண்டு, "சாப்பாடு இல்லை, சர்க்கரையும் இல்லை, இனி இன்சுலின் ஏன்?" என்று அதனை விட்டுவிடுகின்றார். இருதய மாத்திரை என்பதால் எம்பகிளிபுளோசினை மட்டும் தவறாது விழுங்குகின்றார். எதை நிறுத்த வேண்டுமோ அதனைத் தொடர்ந்தும், எதைத் தொடர வேண்டுமோ அதனை நிறுத்தியும் விட்டார். மூன்றாம் நாள் இரவு வாந்தியும் வயிற்றுவலியும் வேகமான மூச்சும் ஏற்பட, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர்.

அங்கு இருவகை மயக்கத்துக்கு இடமுண்டு. சர்க்கரை 168 தானே. ஆகவே நீரிழிவின் கீற்றோன் நஞ்சேற்றம் அன்று என நினைப்பது ஒன்று. இருதய நோயாளர்க்கு மூச்சு வாங்குகின்றது. ஆகவே நுரையீரலில் நீர் தேங்கிவிட்டது எனக் கருதிப் புறூசமைட்டை ஊசியிற் செலுத்துவது மற்றொன்று. பின்னையது, வறண்ட உடலை மேலும் வறளச் செய்யும். ஊன்றிப் பார்த்தால் வேற்றுமை தெரியும். நா உலர்ந்திருக்கின்றது, கழுத்து நாளங்கள் புடைக்கவில்லை, நுரையீரலில் ஈரவொலி இல்லை, படுத்தாலும் எழுந்தாலும் மூச்சு ஒரே விதமாக ஆழ்ந்தும் விரைந்தும் ஓடுகின்றது. அது அமிலத்தை வெளியேற்ற முயலும் மூச்சு.

குருதிச் சோதனை ஐயத்தை நீக்குகின்றது. சோடியம் 136, குளோரைட்டு 100, இருகாபனேற்று 9. சோடியத்திலிருந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாகிய 109 ஐக் கழித்தால் 27 வரும். வழக்கமாக இவ்விடைவெளி 12 அளவைத் தாண்டுவதில்லை; மிகுதி கணக்கில் வராத அமிலத்தின் அடையாளம். குருதிக் கீற்றோன் இலீற்றருக்கு 5.6 மில்லிமோல், 0.6 இற்குக் கீழிருப்பதே இயல்பு, 3 அல்லது அதற்கு மேற்பட்டால் ஆபத்து. இன்சுலின் இல்லாமையால் கீற்றோன் பெருகிற்று. ஆக்கப்பட்ட சர்க்கரை முழுவதும் சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருந்தமையால் குருதியில் அது உயரவில்லை. வழக்கமாக அபாயமணி அடிக்கும் சர்க்கரை எண்ணை மருந்தே மௌனமாக்கிவிட்டது.

பரிகாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அவருக்கு வேண்டியது இன்சுலின். ஆனால் சர்க்கரை 168 ஆக இருக்கையில் இன்சுலினை மாத்திரம் செலுத்தினால் அது தாழ்ந்துவிடும். ஆகையால் தொடக்கத்திலிருந்தே குளுக்கோசுக் கரைசலையும் இன்சுலினையும் சேர்த்து நாளத்திற் செலுத்தி, பொற்றாசியத்தை அடிக்கடி சோதித்து, இருதயம் தாங்கும் அளவறிந்து உப்புநீரும் கொடுப்பர். சர்க்கரை சீராகிவிட்டது என்று இன்சுலினை நிறுத்தலாகாது. அமிலமும் கீற்றோனும் அடங்கும்வரை தொடர வேண்டும். மாத்திரையை நிறுத்திய பின்னரும் சில நாள்கள் சிறுநீரிற் சர்க்கரை ஒழுகலாம். அம்மாத்திரையை மீளத் தொடங்கலாமா என்பதைச் சிறப்பு வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

இது அடிக்கடி நேர்வதன்று. மேலே சொன்ன 2019 ஆம் ஆண்டு ஆய்வில் மருந்து உண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரில் மூவர்க்கே நேர்ந்தது, மூவரும் நீரிழிவுடையோர். நீரிழிவு இல்லாதவரிற் சதையி வேண்டிய இன்சுலினைச் சுரந்து கீற்றோனை அடக்கிவிடுகின்றது. இன்சுலின் அறவே சுரக்காத முதலாம் வகை நீரிழிவினர்க்கோ அபாயம் மிகுதி. ஆகவே அவர்கள் பொதுவாக இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, உண்ணவும் பருகவும் முடியாத நாளில் இம்மாத்திரையை நிறுத்த வேண்டும். காய்ச்சல், வாந்தி, கழிச்சல் யாதாயினும் விதி இதுவே. இன்சுலின் பெறுவோர் அதனை அறவே விடலாகாது. அளவைக் குறைப்பதாயின் வைத்தியரைக் கேட்டே குறைத்தல் வேண்டும். நீரையும் உணவையும் தவிர்த்துப் பல நாள் நோற்கும் விரதமும் உடலுக்கு இத்தகைய நிலையே. கந்தசட்டி போன்ற நீண்ட விரதங்களை நோற்க விரும்பும் நீரிழிவாளர் முன்னரே வைத்தியரோடு பேசிக்கொள்ளல் வேண்டும். சோற்றை அறவே ஒழித்து மெலிய முயல்வோர்க்கும், மிகையாக மது அருந்துவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவதாக, சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் முன்னரே மாத்திரையை நிறுத்த வேண்டும். ஏட்டுகிளிபுளோசின் ஆயின் நான்கு நாள். பட்டினி கிடந்து செய்யும் குடற் சோதனைக்கு முன்னரும் இதனைக் கேட்டறிய வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் இம்மாத்திரையின் பெயரைச் சொல்ல மறக்கலாகாது.

மூன்றாவதாக, வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து விரையும் மூச்சு, காரணமற்ற பெருஞ்சோர்வு என்பன தோன்றினால், சர்க்கரை எண் நன்றாக இருக்கின்றது என்று வீட்டிற் காத்திருத்தல் தவறு. குருதிக் கீற்றோனைச் சோதிக்குமாறு கேட்க வேண்டும். சிறுநீர்க் கீற்றோன் சோதனை முதன்மையான கீற்றோனைக் காட்டாதாகையால் அதனை மட்டும் நம்புவது போதாது.

நான்காவதாக, சிறுநீர் இனிப்பதால் மறைவிடத்திற் பூஞ்சணம் பற்றி அரிப்பு உண்டாகலாம். பெண்களில் இது மிகுதி. கழுவி உலர வைத்தலும் எளிய பூச்சு மருந்தும் பெரும்பாலும் போதும். வெட்கத்தால் மறைத்து, தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் பலர். ஆயின் அவ்விடத்திற் கடுநோவும் வீக்கமும் செம்மையும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், இழையம் அழுகும் அரிய, கொடிய நோயாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலை செல்ல வேண்டும். இம்மருந்து உண்பவரின் சிறுநீரிற் சர்க்கரை எப்போதும் காணப்படுமாதலின், அதனைக் கண்டு நீரிழிவு முற்றிவிட்டது எனக் கலங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தியவர், மீளத் தொடங்க மறப்பதும் தீங்காகும். நிறுத்திய சில வாரங்களுக்குள்ளேயே இருதயத் தளர்ச்சி மீண்டும் தலைதூக்கக் கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கீற்றோன் நஞ்சேற்றம் ஏற்படாதவர், வழக்கம்போல் உண்ணவும் பருகவும் தொடங்கி ஓரிரு நாள் சென்றதும், வைத்தியரின் சொற்படி மாத்திரையை மீளத் தொடங்கலாம். ஆகவே மருந்துப் பையிலே ஒரு சிறு துண்டில் மாத்திரையின் பெயரையும், அதனை நிறுத்த வேண்டிய நாள்களையும், மீளத் தொடங்க வேண்டிய நாளையும் எழுதி வைப்பது நன்று. நோயாளர் மாத்திரமன்றி, அவர் படுக்கையிற் கிடக்கும்போது மருந்தெடுத்துக் கொடுக்கும் வீட்டாரும் அதனைப் படித்து அறிந்திருத்தல் வேண்டும்.